முதல் ஸ்டைபெண்ட் 16,200 ரூபாய்: ஃபோனுக்கு இ.எம்.ஐ. போடலாமா?

சேலத்துப்பையன்

எல்லாருக்கும் வணக்கம். மெக்கானிக்கல், எட்டாவது செமஸ்டர். ஜனவரியிலிருந்து ஜூன் வரை சென்னையில் இன்டர்ன்ஷிப். மாதம் 18,000 என்று சொன்னார்கள். முதல் மாதப் பணம் இந்த பிப்ரவரி 11ஆம் தேதிதான் வந்தது, அதுவும் 16,200. மிச்சம் 1,800 எங்கே போனது என்று எச்.ஆர். மேடத்திடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

பெருங்குடியில் பி.ஜி., சாப்பாட்டோடு 8,000. எம்.டி.சி. பாஸ் 1,000. கைக்கு 7,200 நிற்கும். அப்பா "வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், நீயே சேர்த்து வை" என்று சொல்லிவிட்டார்.

கேள்வி இதுதான். 36,000 ரூபாய் ஃபோன் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். 12 மாதம் நோ காஸ்ட் இ.எம்.ஐ., மாதம் 3,000. என்னிடம் கார்டு கிடையாது. ஆனால் ஆபீஸ் வாசலில் ஸ்டால் போட்டிருக்கிறார்கள், ஸ்டைபெண்ட் வரும் அக்கவுண்டைக் காட்டினாலே கார்டு தருவதாகச் சொல்கிறார்கள். இதுபோக ஒரு பே லேட்டர் ஆப்பில் கேட்காமலேயே 20,000 லிமிட் வந்து நிற்கிறது. கூட வேலை பார்ப்பவர்கள், "இப்பவே ஒரு இ.எம்.ஐ. ஓடினால்தான் சிபில் ஏறும், பின்னாடி வீட்டுக் கடன் கிடைக்கும்" என்கிறார்கள். சேமிப்பும் ஆரம்பிக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக முடியுமா?

நெல்லை ராஜ்

தம்பி, தாராளமா எடு. நோ காஸ்ட்னா வட்டியே இல்ல. உன் காசை ஒரே அடியா கொடுக்காம மாசாமாசம் கொடுக்கிற, அவ்வளவுதான். மிச்சத்தை ஆர்.டி. போடு. கிரெடிட் ஹிஸ்டரி இல்லாதவனுக்கு நாளைக்கு எந்த பேங்கும் கடன் தராது. நான் 23 வயசுல கார்டு வாங்கினேன், இன்னிக்கு ஸ்கோர் 790. மாசம் தவறாம கட்டினா ஒரு பிரச்சனையும் வராது.

தமிழாசிரியர் ஓய்வு

உங்கள் மகனுக்கு 18 வயது முடிந்திருந்தால் அவன் பெயரிலேயே தபால் அலுவலகத்தில் ஆர்.டி. தொடங்குங்கள். 100 ரூபாயிலிருந்து கட்டலாம், 6.7 சதவீத வட்டி. கூடவே ஒரு பி.பி.எஃப். கணக்கும். ஃபோன் கேட்டு அடம் பிடித்தால் தேர்ச்சி பெற்ற பிறகு வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். நான் என் இரண்டு பிள்ளைகளையும் அப்படித்தான் வளர்த்தேன்.

சேலத்துப்பையன்

சார், அந்த மகன் நான்தான் 🙂

பழைய வசூல்காரன்

ஒரு தனியார் வங்கியின் கார்டு வசூல் பிரிவில் பல வருஷம் இருந்தேன். இப்போது மதுரையில் வேறு தொழில். அதனால் கார்டு விற்பவர் சொல்லாமல் விடும் பக்கம் கொஞ்சம் தெரியும்.

தம்பி, முதலில் வட்டியை மறந்துவிட்டுத் தேதியைப் பார். இந்த மாதம் ஃபோன் வாங்கினால் முதல் தவணை மார்ச்சில் வரும், கடைசித் தவணை அடுத்த பிப்ரவரியில். உன் ஜூன் மாத ஸ்டைபெண்ட் ஜூலை 10 வாக்கில் வரும், அதோடு வருமானம் நின்றுவிடும். மார்ச், ஏப்ரல், மே, ஜூன், ஜூலை என்று ஐந்து தவணையை ஸ்டைபெண்டிலிருந்து கட்டுவாய். மிச்சம் ஏழு தவணை, 21,000 ரூபாய். அதை யார் கட்டுவது?

கையில் வேலை ஆஃபர் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் ஆஃபர் லெட்டர் வந்த பிறகும் சேரும் தேதி மாதக்கணக்கில் தள்ளிப்போன பிள்ளைகள் எத்தனையோ பேர். எங்கள் பிரிவுக்கு வந்த மாணவர் ஃபைல்களில் பெரும்பாலானவை ஊதாரிகளுடையவை அல்ல. ஆறு மாத வருமானத்தை வைத்துப் பன்னிரண்டு மாதக் கடன் எடுத்தவர்களுடையவை. நல்ல பிள்ளைகள்தான், ஐந்தாறு மாதம் ஒழுங்காகக் கட்டியிருப்பார்கள். ஆகஸ்டில் ஒரு தவணை திரும்பும். அங்கிருந்துதான் கதை தொடங்கும்.

நெல்லை ராஜ் சொன்ன "வட்டியே இல்லை" பாதி சரி. கார்டில் போடும் நோ காஸ்ட் இ.எம்.ஐ.யில் வட்டி உண்டு. அந்த வட்டி அளவுக்குக் கடைக்காரரோ கம்பெனியோ விலையில் தள்ளுபடி கொடுத்துச் சமன் செய்கிறார்கள். 16 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் இந்த 36,000க்குள் ஏறக்குறைய 2,900 ரூபாய் வட்டி ஒளிந்திருக்கிறது. அந்த வட்டிக்கான 18 சதவீத ஜி.எஸ்.டி.யை உன் தலையில்தான் போடுவார்கள், சுமார் 530. பிராசஸிங் கட்டணம் 199, அதற்கும் ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்ந்து 760 ரூபாய் பக்கம் வரும். உயிர் போகிற தொகை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முழுப் பணம் கொடுப்பவனுக்குக் கிடைக்கும் தள்ளுபடி உனக்குக் கிடைக்காமல் போகலாம். கடையில் இரண்டு விலையையும் கேட்டுப் பார்.

பயப்பட வேண்டியது தவணை திரும்பும் மாதத்துக்கும், "மினிமம் டியூ" என்ற வரிக்கும்தான். அதைத் தனியாக எழுதுகிறேன், இப்போது கடை திறக்க வேண்டும்.

தேன்மொழி கோவை

அந்த 1,800க்கு நான் பதில் சொல்றேன், ஏன்னா எனக்கும் அப்படியே நடந்துச்சு. அது டி.டி.எஸ்., வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிக்கறது. 18,000ல 10 சதவீதம். கம்பெனி உங்களை ஊழியரா காட்டாம, ப்ரொஃபஷனல் கட்டணம் மாதிரி காட்டிப் பிடிச்சிருப்பாங்க. கூச்சப்படாம எச்.ஆர். கிட்ட ரெண்டு விஷயம் கேளுங்க: உங்க பான் நம்பரைச் சரியா போட்டிருக்காங்களா, காலாண்டு முடிஞ்சதும் படிவம் 16A தருவாங்களா. வருமான வரி தளத்துல லாகின் பண்ணி 26AS பாத்தா அந்தத் தொகை ஏறியிருக்கும். உடனே தெரியாது, கம்பெனி காலாண்டு கணக்கு கொடுத்தப்புறம்தான் தெரியும்.

உங்க வருமானத்துக்கு வரியே இல்லாததால ரிட்டர்ன் போட்டா முழுசா திரும்ப வரும். ஆனா ஒண்ணு கவனிங்க. நீங்க பண்றது ரெண்டு நிதியாண்டுல விழுது. மார்ச் 31க்குள்ள உங்க கணக்குல ஏறினதுக்கு இந்த வருஷமே ரிட்டர்ன் போடலாம். ஏப்ரலுக்கு அப்புறம் பிடிச்சது அடுத்த வருஷம்தான் கிடைக்கும். எந்த ஐ.டி.ஆர். படிவம்ங்கறதுல எங்க ஊர் ஆடிட்டருங்க ரெண்டு பேரே வேற வேற பதில் சொன்னாங்க, அதனால அதை நான் சொல்லல.

மொத்தமா 10,000க்கு மேல வரும். இதைச் செலவுக்கணக்குல சேக்காதீங்க. வரும்போது சேமிப்புக்குப் போகட்டும்.

சேலத்துப்பையன்

அக்கா, ரொம்ப நன்றி. இது தெரியாமல் கம்பெனி ஏமாற்றுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வசூல்கார அண்ணா, ஆஃபர் இருக்கிறது. சேரும் தேதி "பின்னர் தெரிவிக்கப்படும்" என்று போட்டிருக்கிறார்கள்.

பழைய வசூல்காரன்

"பின்னர் தெரிவிக்கப்படும்" என்பதை வைத்துத் தவணை கட்ட முடியாது தம்பி.

இப்போது மினிமம் டியூ. ஒரு மாதம் கார்டில் 12,000 ரூபாய்க்கு பில் வருகிறது என்று வை. கையில் பணம் இல்லை. பில்லில் Total Amount Due 12,000, அதற்குக் கீழே Minimum Amount Due 600 என்று இருக்கும். 600 கட்டினால் தாமதக் கட்டணம் இல்லை, யாரும் ஃபோன் செய்ய மாட்டார்கள், சிபிலிலும் கறை விழாது. எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும்.

மிச்சம் 11,400. கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறேன், பல கார்டுகளில் இந்த அளவோ இதற்கு மேலோ இருக்கும். வட்டி 399. வட்டிக்கு ஜி.எஸ்.டி. 72. அடுத்த பில் 11,871. அதில் 5 சதவீதம், 594 கட்டுகிறாய். கடன் 11,277 ஆகிறது. அதாவது 594 ரூபாய் கொடுத்தாய், கடன் குறைந்தது 123 ரூபாய். இதே மாதிரி புதிதாக ஒரு ரூபாய்கூடத் தேய்க்காமல் ஒரு வருஷம் கட்டினால், உன் கையிலிருந்து 6,700 போயிருக்கும், கடன் இன்னும் 10,000 நிற்கும். நான் போட்ட கணக்கு இரக்கமானது. நிஜத்தில் பொருள் வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓடும்.

நிறையப் பேர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. பழைய பாக்கி ஒரு ரூபாய் நின்றாலும் புதிதாக வாங்கும் பொருளுக்கு அந்த 45, 50 நாள் வட்டியில்லாத காலம் கிடையாது. டீக்கடையில் தேய்த்த 60 ரூபாய்க்கும் அன்றே வட்டி தொடங்கிவிடும். இது முதலில் எங்கே தெரியும் என்றால், ஒழுங்காகக் கட்டுபவனின் பில்லில் Finance Charges என்று ஒரு சின்னத் தொகை முளைக்கும். அதைப் பார்த்த மாதமே கார்டை உள்ளே வைத்துவிட்டு முழுப் பாக்கியையும் தீர்த்துவிட வேண்டும்.

நெல்லை ராஜ்

அண்ணே, நான் ஃபுல் பேமெண்ட் பண்றவன். அதான் எனக்கு இது தெரியல. ஆனா ஹிஸ்டரி விஷயத்துல நான் சொன்னது தப்பில்லையே? ஹிஸ்டரி இல்லாதவனுக்கு கடன் தர மாட்டான்தானே?

பழைய வசூல்காரன்

அதிலும் பாதிதான் சரி ராஜ். முதல்முறை கடன் கேட்பவரை ஹிஸ்டரி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. வங்கிகள் வேறு காரணம் சொல்லி மறுக்கலாம், அது வேறு பேச்சு. சம்பளம் வர ஆரம்பித்த பிறகு ஒரு சின்னக் கடனோ கார்டோ எடுத்து ஒழுங்காகக் கட்டினால் சுமார் ஆறு மாதத்தில் ஹிஸ்டரி அமைந்துவிடும். வெறும் பக்கத்தைவிடக் கறை பட்ட பக்கம்தான் ஆபத்து.

தம்பி, உனக்குக் கல்விக் கடன் இருக்கிறதா? இருந்தால் உன் பெயர் ஏற்கெனவே சிபிலில் இருக்கிறது. முதல் கடன்காரன் நீதான், அப்பா கூட்டுக் கடன்காரர்.

சேலத்துப்பையன்

இருக்கிறது அண்ணா. பொதுத்துறை வங்கி, வருஷத்துக்கு 1 லட்சம் வீதம் 4 லட்சம். 9 சதவீதம் என்று ஞாபகம். ஆனால் அது படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துதானே ஆரம்பிக்கும்?

ஹாஸ்டல் பி பிளாக்

நடுவுல ஒரு விஷயம் சொல்லிக்கறேன். கார்டு வாங்கினா ரூம்ல யார்கிட்டயும் சொல்லாதீங்க. எங்க ப்ளாக்ல நடந்தது. ஒரு பையனுக்குக் கார்டு வந்துச்சு. பக்கத்து ரூம் சீனியர் "மச்சான், எனக்கு லிமிட் இல்ல, உன் கார்டுல லேப்டாப் எடுத்துக் கொடு, மாசாமாசம் ஜிபே பண்றேன்"ன்னான். நாலு மாசம் கரெக்டா பண்ணான். அப்புறம் கோர்ஸ் முடிஞ்சு பெங்களூர் போயிட்டான். ஃபோனை எடுக்கறதே இல்ல. லேப்டாப் அவன்கிட்ட, கடன் இவன்கிட்ட. பேங்க்காரன் இவனைத்தான் கேட்டான், பெங்களூர்க்காரனைக் கேட்கல.

இதுல கேஸ் போட முடியுமான்னு யாராவது சொல்லுங்க. ஜிபே மெசேஜ் எல்லாம் இருக்கு.

பழைய வசூல்காரன்

வங்கியைப் பொறுத்தவரை சீனியர் என்று ஒருவரே கிடையாது. கார்டு யார் பெயரோ அவர்தான் கடன்காரர். நண்பனிடமிருந்து வசூலிக்க சிவில் வழக்கு போடலாம், அந்த மெசேஜ்கள் ஆதாரமாகும் என்று வக்கீல் நண்பர் சொல்லக் கேட்டிருக்கிறேன். லேப்டாப் விலைக்கு வழக்கு நடத்திய யாரையும் நான் பார்த்ததில்லை. வக்கீல் யாராவது இருந்தால் திருத்துங்கள்.

அண்ணாநகர் கீதா

என் பையனும் இதே வயசு. இவ்வளவு கணக்கு எதுக்குன்னு எனக்குப் புரியல. முதல் சம்பளம், பிள்ளை ஆசைப்படுது. ஒரு ஃபோன்தானே? ஆறு மாசமும் கட்டுப்பெட்டியா இருந்து 30,000 சேத்து என்ன செய்யப் போறான்? அப்பா அம்மா நாங்க எதுக்கு இருக்கோம், ஏழு மாசம் 3,000 கொடுக்க மாட்டோமா?

சேலத்துப்பையன்

ஆன்ட்டி, எங்க வீட்டில் அந்த 3,000ஐ எடுத்துவைக்க முடியாது. அப்பா தறி ஓட்டுகிறார். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

அண்ணாநகர் கீதா

சரிப்பா, புரிஞ்சுது. அப்படின்னா அவங்க சொல்றதைக் கேளு.

பழைய வசூல்காரன்

இனி சேமிப்பு. தமிழாசிரியர் ஐயா சொன்ன தபால் ஆர்.டி. நல்ல திட்டம்தான், உனக்குப் பொருந்தாது. அது ஐந்து வருஷம். மூன்று வருஷத்துக்கு முன்னால் மூட முடியாது. அதற்குப் பிறகு மூடினாலும் சாதாரண சேமிப்புக் கணக்கு வட்டிதான். ஜூலையில் வருமானம் நின்றதும் தவணை விழும்.

வங்கி ஆர்.டி.யிலும் ஒரு சிக்கல். எஸ்.பி.ஐ.யில் குறைந்தது 12 மாதம். சில வங்கிகளில் 6 மாதம் உண்டு. ஆனால் உன் ஸ்டைபெண்ட் ஒரு மாதம் 11ஆம் தேதி வரும், ஒரு மாதம் 17ஆம் தேதி வரும். ஆர்.டி. 5ஆம் தேதி எடுக்கும். கணக்கில் பணம் இல்லையென்றால் அந்த மாதம் தவறும். இரண்டு முறை அப்படி ஆனதும் பையன்கள் "நமக்கு இது செட் ஆகாது" என்று விட்டுவிடுவார்கள்.

அதனால் நான் சொல்வது ஆன்லைன் எஃப்.டி. ஸ்டைபெண்ட் வந்த மெசேஜ் வந்ததும், அன்று இரவே, 5,000க்கு ஒரு எஃப்.டி. போடு. 1,000 ரூபாயிலிருந்தே போடலாம், தேதிக் கட்டாயம் இல்லை. ஒரு மாதம் 3,000தான் முடிந்தால் 3,000. ஆறு மாதத்தில் ஆறு தனித்தனி எஃப்.டி. இருக்கும். அவசரத்துக்கு 5,000 தேவைப்பட்டால் ஒன்றை மட்டும் உடைக்கலாம், மற்ற ஐந்தும் அப்படியே ஓடும். ஆர்.டி.யை உடைத்தால் மொத்தமும் கலையும். வட்டி பெரிதாக வராது, 30,000க்கு ஐந்நூறு சொச்சம் வந்தால் அதிகம். பணம் யு.பி.ஐ. ஓடுகிற கணக்கில் கிடக்காமல் இருப்பதுதான் இதில் லாபம்.

தேன்மொழி கோவை

இதுல நான் கொஞ்சம் மாறுபடறேன் அண்ணா. கையால போடற எஃப்.டி., மூணாவது மாசம் மறந்துடும். எனக்குப் புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 வந்துட்டிருந்துச்சு. அதை அப்படியே வங்கி ஆர்.டி.க்குத் திருப்பிவிட்டேன், தேதி 25ன்னு வெச்சேன். பணம் எப்போ வந்தாலும் 25க்குள்ள வந்துடும். ஒரு தடவைகூட தவறல. கண்ணுல படாம போறதுதான் சேமிப்பு. நம்ம கை வெச்சா நம்ம கைதான் எடுக்கும்.

பழைய வசூல்காரன்

25ஆம் தேதி என்பது நல்ல யோசனை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 11ஆம் தேதி வந்த பணம் 25 வரை கணக்கில் தாக்குப் பிடிக்குமா என்பது ஆளைப் பொறுத்தது. உனக்குப் பிடித்திருக்கிறது, இவனுக்கு எப்படியோ தெரியாது. தம்பி, உன் ஜனவரி யு.பி.ஐ. ஸ்டேட்மென்டை ஒருமுறை எடுத்துப் பார். பணம் வந்த முதல் பத்து நாளில் பாதிக்கு மேல் போயிருந்தால் எஃப்.டி. பக்கம் வா.

சேலத்துப்பையன்

ஜனவரியில் ஸ்டைபெண்டே வரவில்லை, அப்பா கொடுத்த 10,000. 9 நாளில் 7,900 போயிருக்கிறது. எஃப்.டி. பக்கம் வருகிறேன்.

பே லேட்டர் பற்றி யாரும் சொல்லவில்லையே? அதில் ஸ்விக்கியில் இரண்டு மூன்று முறை வாங்கியிருக்கிறேன். 640 ரூபாய் நிலுவை காட்டுகிறது. அதுவும் கடனா?

பழைய வசூல்காரன்

பெரும்பாலும் அதுவும் கடன்தான். பின்னால் ஒரு வங்கியோ நிதி நிறுவனமோ இருக்கும், அவர்கள் பெயரில் உன் சிபிலில் ஏறும். 640ஐ மறந்துவிட்டு ஆப்பை டெலிட் செய்தவர்கள்தான் அதிகம். ஆப் போய்விடும், கடன் இருக்கும், தாமதக் கட்டணம் அதன் மேல் ஏறிக்கொண்டே இருக்கும்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் பிள்ளைகள் பாதிப்பேர் வங்கித் தேர்வு எழுதுகிறார்கள். வங்கி வேலை அறிவிப்புகளில் கட்டத் தவறிய கடனும் மோசமான சிபிலும் இருக்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. அப்படித் தேர்வாகி, சிபில் காரணமாக எஸ்.பி.ஐ. நியமனத்தை ரத்து செய்த ஒருவர் வழக்குப் போட்டார். 2025இல் சென்னை உயர் நீதிமன்றம் வங்கி செய்தது சரி என்றது. 640 ரூபாய்க்கு யாரும் வேலையை ரத்து செய்ய மாட்டார்கள், ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகு விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டு அலைவது எதற்கு?

இன்றே 640ஐக் கட்டு. ஆப்புக்குள்ளேயே கணக்கை மூடச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பி, நிலுவை இல்லை என்ற கடிதத்தை வாங்கு. ஒரு மாதம் கழித்து சிபில் தளத்தில் வருஷத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் முழு அறிக்கையை எடு. அதில் அந்தக் கணக்குக்கு நேரே Closed என்று இருக்க வேண்டும். Settled என்று இருந்தால் விடாதே. அது பேரம் பேசிக் குறைத்துக் கட்டியதாக அர்த்தம்.

ஹாஸ்டல் பி பிளாக்

7 நாள் லோன் ஆப் பத்தியும் சொல்லிடுங்க. 5,000 கேட்டா 3,200 அக்கவுண்ட்ல போட்டு, ஏழாம் நாள் 5,000 கேட்கறான். எங்க பையன் ஒருத்தனோட கான்டாக்ட் லிஸ்ட் முழுக்க மெசேஜ் போயிடுச்சு, ஹெச்.ஓ.டி. வரைக்கும்.

பழைய வசூல்காரன்

அது கடனே இல்லை, மிரட்டல் தொழில். ஒழுங்கான கடன் ஆப் உன் கான்டாக்ட், கால் பதிவு, கேலரி எதையும் தொடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. பணத்துக்கு முன்னால் மொத்தச் செலவு வருஷத்துக்கு எத்தனை சதவீதம் என்று எழுதிய Key Fact Statement தர வேண்டும். எடுத்தபின் மனம் மாறினால் அபராதமில்லாமல் திருப்பிக் கட்டக் குறைந்தது ஒரு நாள் அவகாசமும் உண்டு. ஆப் முதலிலேயே கான்டாக்ட் அனுமதி கேட்டால் அங்கேயே நிறுத்திவிடு. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தங்களுடையவை என்று தெரிவித்த ஆப்களின் பட்டியல் ரிசர்வ் வங்கி தளத்தில் இருக்கிறது.

ஏற்கெனவே மாட்டியவர்கள் ஒரு ஆப்பை அடைக்க இன்னொரு ஆப்பில் எடுக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். வீட்டில் சொல்லிவிடுங்கள். ஹெச்.ஓ.டி.க்கு மெசேஜ் போன பிறகு மறைக்க ஒன்றும் இல்லை.

தேன்மொழி கோவை

கல்விக் கடனை விட்டுட்டோமே. தம்பி, "ஒரு வருஷம் கழிச்சு ஆரம்பிக்கும்"னு சொன்னீங்க. தவணைதான் அப்போ ஆரம்பிக்கும். வட்டி முதல் நாள்லேருந்தே ஓடுது. வருஷத்துக்கு 1 லட்சம்னா, 9 சதவீதத்துல, முதல் லட்சத்துக்கு அஞ்சு வருஷ வட்டி, அடுத்ததுக்கு நாலு, அப்புறம் மூணு, ரெண்டு. மொத்தம் 1,26,000. கட்ட ஆரம்பிக்கும்போது 4 லட்சம் இல்ல, 5,26,000. அதுக்கப்புறம் அந்த மொத்தத்துக்கும் வட்டி. இப்போ உங்களுக்கு மாச வட்டியே 3,000. அதாவது ஃபோன் தவணை எவ்வளவோ அவ்வளவு.

என் கேள்வி, 6 சதவீத எஃப்.டி.ல 5,000 போடறதைவிட 9 சதவீதக் கடனுக்கு 3,000 கட்டறது மேல் இல்லையா? படிக்கும்போதே வட்டி கட்டினா சில வங்கில 1 சதவீதம் குறைப்பாங்க.

பழைய வசூல்காரன்

அந்த 1 சதவீதச் சலுகை பொதுவாக ஆரம்பத்திலிருந்தே வட்டியை விடாமல் கட்டியவர்களுக்கு. இவனுக்கு இப்போது கிடைக்குமா என்று கிளையில்தான் கேட்க வேண்டும்.

அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிப்புக் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் மானியத் திட்டம் உண்டு. கல்லூரியின் அங்கீகாரம், வருமானச் சான்றிதழ் எல்லாம் பொருந்த வேண்டும். தறி ஓட்டும் வீட்டுக்குப் பொருந்த வாய்ப்பிருக்கிறது. மானியம் ஏறியிருந்தால் அரசு கட்டும் வட்டிக்கு இவன் ஏன் பணம் கட்ட வேண்டும்?

மானியம் இல்லையென்றாலும் நான் முதல் 25,000ஐக் கையில்தான் வைக்கச் சொல்வேன். கடனில் கட்டிய பணத்தை ஆகஸ்டில் சேரும் தேதி தள்ளிப்போனால் திரும்பக் கேட்க முடியாது. அப்போது சாப்பாட்டுக்குக் கார்டு தேய்த்தால் 9 சதவீதத்தை மிச்சம் பிடித்து 42 சதவீதத்துக்குப் போன கதைதான்.

தேன்மொழி கோவை

25,000 கொஞ்சம் அதிகம்னு தோணுது. அவருக்கு ஊர்ல வீடு இருக்கு, வேலை இல்லன்னா சேலம் போயிடலாம். 10,000 போதும், மிச்சத்தைக் கடனுக்குக் கட்டலாம்.

நெல்லை ராஜ்

நான் தேன்மொழி பக்கம்.

பழைய வசூல்காரன்

சென்னையில் சேரச் சொன்னால் பி.ஜி. அட்வான்ஸ், முதல் மாத வாடகை, சம்பளம் வரும் வரை ஒரு மாதம். 10,000 எங்கே பத்தும்? உங்கள் கணக்கு உங்களுக்கு, என் கணக்கு எனக்கு.

சேலத்துப்பையன்

அப்டேட். 640 கட்டிவிட்டேன், கடிதத்துக்கு மெயில் போட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. வங்கியில் கேட்டேன். முதல் வருஷம் வருமானச் சான்றிதழ் கொடுத்திருக்கிறோம், ஆனால் அதற்குப் பிறகு மானியம் ஏறவில்லை, கல்லூரியிலிருந்து ஒவ்வொரு வருஷமும் உறுதிச் சான்று வந்திருக்க வேண்டுமாம். மேனேஜர் விட்டுப்போன வருஷங்களுக்கு இப்போது கோர முடியுமா என்று மண்டல அலுவலகத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அது தெரியும்வரை எஃப்.டி.தான். முதல் 5,000 போட்டாயிற்று.

ஸ்டாலில் கார்டு வாங்கவில்லை. ஆனால் அன்றைக்கு விசாரிக்கப் போனபோது ஆதார், பான் நகல் கொடுத்துவிட்டேன். ஓ.டி.பி. எதுவும் சொல்லவில்லை. கார்டு வந்துவிடுமா?

பழைய வசூல்காரன்

உன் ஒப்புதல் இல்லாமல் கார்டு தரக் கூடாது. வந்தாலும் ஆக்டிவேட் செய்யாதே. 30 நாள் ஆக்டிவேட் ஆகாவிட்டால் ஓ.டி.பி. வாங்கி உன் சம்மதம் கேட்க வேண்டும், இல்லையென்றால் செலவில்லாமல் மூட வேண்டும் என்று விதி. அந்த ஓ.டி.பி.யைக் கேட்டு யாராவது பேசினால் "கார்டு வேண்டாம்" என்று மட்டும் சொல். எதற்கும் அந்த இலவச சிபில் அறிக்கையை எடுக்கும்போது Enquiries பகுதியையும் பார். நீ கேட்காத வங்கியின் பெயர் அதில் இருந்தால் ஸ்டால்காரர் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டார் என்று அர்த்தம்.

யு.பி.ஐ. ஆப்பில் Autopay பகுதியையும் திறந்து பார்த்துவிடு. பே லேட்டர்காரர்கள் தானாகப் பணம் எடுக்க அங்கே ஒரு மேண்டேட் போட்டு வைத்திருப்பார்கள். கணக்கை மூடிய கடிதம் வந்த பிறகு அதை ரத்து செய், முன்னால் வேண்டாம்.

ஹாஸ்டல் பி பிளாக்

என்னோடதுல நாலு மேண்டேட் இருக்கு. ஒண்ணு என்னன்னே தெரியல, மாசம் 99. இதுக்குத் தனி இழை போடறேன்.